பட்டாவில் பெயர் இருந்தால் காணி அவருடையதா? தமிழ்நாட்டுக் கிராமக் காணி பற்றி யாழ்ப்பாணத்தில் கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தமிழ்நாட்டுக் கிராமக் காணி ஒன்றின் கடதாசிகளைப் பார்க்க வேண்டிய வீடுகள் இங்கே குறைவில்லை. அகதியாகப் போய் அங்கேயே கலியாணம் முடித்த பிள்ளைகள், இந்தியக் குடியுரிமை உள்ள மருமக்கள், பெண் கொடுக்கும் இடத்தில் "எங்களுக்கு ஊரில் நிலம் இருக்கிறது" என்று சொல்லும் சம்பந்தி வீட்டார் என்று காரணம் பலவிதம். நான் இடம்பெயர்ந்து போய்த் தமிழ்நாட்டில் அறந்தாங்கிப் பக்கம் ஒரு பத்திர எழுத்தரிடம் சில வருடங்கள் வேலை செய்தவன். திரும்பி வந்த பிறகும் இந்தக் கடதாசிகளை என்னிடம் கொண்டு வருகிறார்கள். அடிக்கடி கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

"அண்ணா, பட்டா என்றால் எங்கட உறுதி மாதிரித்தானே?"

இல்லை. முதலில் மனதில் பதிய வேண்டியது இதுதான். நம்முடைய உறுதி நொத்தாரிசு முன் எழுதிக் காணிப் பதிவகத்தில் பதியப்படுவது. யார் யாருக்கு, எந்த வழியில், என்ன எல்லையோடு கொடுத்தார் என்று அதில் இருக்கும். தமிழ்நாட்டில் அதற்குச் சமமானது கிரயப் பத்திரம், தானப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம் போன்றவை. அவற்றைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவார்கள்.

பட்டா அந்த வரிசையில் வருவதில்லை. அது வருவாய்த் துறையின் கடதாசி. தாலுகாவில் வட்டாட்சியர் பொறுப்பில் வழங்கப்படுவது. இந்தப் புல எண்ணில், அதாவது நில அளவை எண்ணில், இவ்வளவு பரப்புக்கு அரசுக்குத் தீர்வை கட்ட வேண்டியவர் இன்னார் என்று வருவாய்த் துறை தன் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது என்பதே அதன் பொருள். எங்கள் பக்கம் அதற்கு நேரான கடதாசி இல்லை. பட்டா என்றாலே நமக்கு ஞாபகம் வருவது சாமான் ஏற்றும் சின்ன லொறி.

"அப்ப சிட்டா என்ன? தரகர் 'பட்டா சிட்டா' என்று ஒரே மூச்சில் சொல்கிறார்."

சிட்டா கிராமக் கணக்கு. கிராம நிர்வாக அலுவலர், அதாவது நம் கிராம உத்தியோகத்தர் போன்றவர், வைத்திருக்கும் பதிவேட்டின் பகுதி அது. ஒரு பட்டாதாரர் பெயரில் அந்தக் கிராமத்தில் உள்ள எல்லாத் துண்டுகளையும் ஒரே பட்டா எண்ணின் கீழ்த் திரட்டி, எந்தத் துண்டு நன்செய், எந்தத் துண்டு புன்செய், ஒவ்வொன்றும் எவ்வளவு, தீர்வை எவ்வளவு என்று அது சொல்லும். நன்செய் என்பது நீர்ப்பாசன வயல். புன்செய் என்பது மேட்டுக் காணி, நம் தோட்டக் காணி போல.

முன்பு இரண்டும் வேறு வேறு கடதாசி. பட்டா வட்டாட்சியரிடமிருந்து வரும். சிட்டா நகலைக் கிராம நிர்வாக அலுவலர் கையால் எழுதி ஒப்பமிட்டுக் கொடுப்பார். இப்போது இணையத்தில் இரண்டும் ஒரே தாளில் இறங்குகிறது. அந்தத் தாளின் தலையில் "நில உரிமை விபரங்கள் : இ. எண் 10(1) பிரிவு" என்று இருக்கும். அந்த 10(1) தான் சிட்டாவுக்கான கிராமக் கணக்கு எண். ஆகவே தரகர் ஒரே தாளை அனுப்பிவிட்டு இரண்டும் தந்துவிட்டேன் என்றால் அவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் ஒரே கணக்கின் இரண்டு முகங்கள் ஒன்றையொன்று மெய்ப்பிக்க மாட்டா. பட்டாவில் தப்பான பெயர் இருந்தால் சிட்டாவிலும் அதே தப்புத்தான் இருக்கும். "இரண்டு ஆவணத்திலும் பெயர் ஒத்துப்போகிறது" என்று யாராவது சொன்னால், ஒரே ஆளிடம் இரண்டு தரம் கேட்டதற்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"இங்கிருந்தே பார்க்கலாமா? வாட்ஸப்பில் வந்த தாளை எப்படி நம்புவது?"

பார்க்கலாம். eservices.tn.gov.in என்ற தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தெரிந்தெடுத்து, பட்டா எண்ணையோ புல எண்ணையும் உட்பிரிவையுமோ கொடுத்தால் தாள் வரும். இடையில் கைத்தொலைபேசிக்கு ஒரு கடவு எண் வரும். அதனால் அங்குள்ள உறவினர் ஒருவரைப் போனில் பிடித்து வைத்துக்கொண்டு செய்வது சுகம்.

தரகர் அனுப்பிய படத்தை அப்படியே நம்ப வேண்டாம். தாளின் அடியில், விவரங்கள் மின் பதிவேட்டிலிருந்து பெறப்பட்டவை என்றும், கொடுத்துள்ள குறிப்பு எண்ணைத் தளத்தில் உள்ளிட்டுச் சரிபார்க்கலாம் என்றும் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். இன்னும் நல்லது, புல எண்ணைக் கேட்டு வாங்கி நீங்களே புதிதாக ஒரு தாள் இறக்குவது. பழைய நகலில் இருக்கும் பெயர் இப்போது மாறியிருக்கலாம்.

"தாளில் 0 - 97.00 என்று இருக்கிறது. இது 97 சென்ட்தானே?"

இல்லை, 97 ஏர். இந்த ஒரு பிழையால் விலை பேசும்போது தடுமாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். தாளில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்ற கணக்கில் இருக்கும். முதல் எண் ஹெக்டேர், அடுத்தது ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். ஆகவே 97 ஏர் கிட்டத்தட்ட 240 சென்ட், அதாவது 2 ஏக்கர் 40 சென்ட். நம் கணக்கில் 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்பு 6.25 சென்ட். அப்படிப் பார்த்தால் இது 38 பரப்புக்குச் சற்று மேல்.

பத்திரங்களில் பெரும்பாலும் ஏக்கர், சென்ட் என்றே எழுதியிருப்பார்கள். பட்டாவில் ஹெக்டேர். இரண்டையும் ஒரே அளவுக்கு மாற்றிப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். ஒரு சென்ட் முன்பின் என்றால் அது கணக்கு முழுமைப்படுத்தியதால் வரலாம். அதற்கு மேல் வித்தியாசம் என்றால் காரணம் கேட்டே ஆகவேண்டும்.

"ஐயா, மருமகன் இந்தியர். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1 ஏக்கர் 20 சென்ட் புன்செய் வாங்கப் போகிறார். பட்டாவில் விற்பவரின் பெயர் இருக்கிறது. இது போதாதா?"

கொக்குவிலில் ஒரு தகப்பன் இதே கேள்வியோடு வந்தார். அந்தத் தாளை நாங்கள் இருவரும் மேசையில் வைத்துப் பார்த்த விதத்தையே சொல்கிறேன். புல எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

தாளில் புல எண் 118, உட்பிரிவு 2, புன்செய், 0 - 97.00. உரிமையாளர்கள் பெயர் என்ற இடத்தில் மூன்று வரி. ஒரே தகப்பனின் மூன்று ஆண் மக்கள். விற்பவர் நடுவில் உள்ளவர். விற்பவர் பெயர் இருக்கிறது என்று தரகர் சொன்னது உண்மை. ஆனால் மேலே ஒருவரும் கீழே ஒருவரும் இருந்தார்கள். இதைக் கூட்டுப் பட்டா என்பார்கள். கூட்டுப் பட்டாவில் யாருக்கு எவ்வளவு பங்கு, எந்தப் பக்கம் என்று எதுவும் இருக்காது.

சரி, சமபங்கு என்று வைத்துப் பார்த்தோம். 97 ஏரை மூன்றாகப் பிரித்தால் ஒருவருக்கு 32.33 ஏர், அதாவது 80 சென்ட். விற்பவரோ 1 ஏக்கர் 20 சென்ட் என்கிறார். மிச்சம் 40 சென்ட் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்குப் பட்டாவும் பதில் சொல்லாது, சிட்டாவும் பதில் சொல்லாது. வந்த வழி இரண்டிலும் கிடையாது.

வழியைத் தேடப் பதிவுத் துறைக்குப் போனோம். tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்று, அதாவது அந்தக் காணியில் பதிவான பத்திரங்களின் பட்டியல், பார்த்தோம். அதில் 2006 இல் இளையவர் தன் பங்கை மற்ற இரு சகோதரருக்கும் சமமாக விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம் ஒன்று இருந்தது. அப்போது நடுவில் உள்ளவருக்கு 32.33 உடன் 16.17 சேர்ந்து 48.50 ஏர் ஆகிறது. அது கிட்டத்தட்ட 1 ஏக்கர் 20 சென்ட். ஆகவே மனிதர் அளவில் பொய் சொல்லவில்லை. இளையவர் பங்கு போய் இவ்வளவு வருடமாகியும் பட்டாவில் அவர் பெயர் அப்படியே கிடந்தது, அவ்வளவுதான். பத்திரம் பதிந்த பிறகு பட்டா மாறுதலுக்குப் போகாமல் விட்ட குடும்பங்கள் அங்கே ஏராளம்.

பிறகு மூத்தவரைப் பற்றிக் கேட்டோம். இறந்து பல வருடம் ஆகிவிட்டது என்றார்கள். மனைவியும் இரண்டு பெண் மக்களும் இருக்கிறார்கள். இருவரும் கலியாணம் முடித்து வெளியூரில். "அவர்களுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று, நிலத்தில் பங்கு கேட்க மாட்டார்கள்" என்று தரகர் போனில் சொன்னார். சீதனம் கொடுத்துவிட்டால் முடிந்தது என்ற நம் பழக்கத்துக்கு அந்தப் பேச்சு நியாயமாகவே படும். ஆனால் அங்கே தேசவழமை கிடையாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவியும் பெண் மக்களும் முதல் நிலை வாரிசுகள். எழுதிப் பதியாமல் அவர்கள் உரிமை போய்விடாது.

இதனால் நடுவில் உள்ளவர் தன் பாதியை விற்கவே முடியாது என்பதில்லை. பிரிக்காத பங்கை விற்கலாம். ஆனால் வாங்குபவருக்குக் கிடைப்பது எந்தப் பாதி? தரகர் காட்டியது தார் ரோட்டை ஒட்டிய பாதி. விலையும் அதற்குத்தான். தரையில் அந்தப் பாதி விற்பவருக்கு உரியது என்று சொல்லும் ஒரு கடதாசிகூட இல்லை. நாளைக்கு அந்தப் பெண் மக்கள் வந்து எங்களுக்கும் ரோட்டு முகம் வேண்டும் என்று பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், மருமகன் அதில் ஒரு தரப்பாக நிற்க வேண்டியதுதான்.

அதனால் நாங்கள் சொன்ன வழி இது. மூத்தவரின் இறப்புச் சான்றிதழும், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழும் முதலில் வேண்டும். பிறகு அந்த மூன்று பெண்களும் விற்பவரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். அதை வைத்து உட்பிரிவுக்கு மனுக் கொடுத்தால் நில அளவர் வந்து அளந்து கல் போடுவார். 118/2 என்பது 118/2A, 118/2B என்று ஆகும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டா வரும். அந்தத் தனிப் பட்டாவில் விற்பவர் பெயர் மட்டும், 0 - 48.50 என்ற அளவோடு நின்ற பிறகுதான் கிரயம். அதுவரை முன்பணமும் சிறிதாக இருக்கட்டும், கிரய ஒப்பந்தம் பதிவாகவும் இருக்கட்டும்.

மருமகனுக்கு இது இழுவை என்று கோபம். கொக்குவில் தகப்பன் விடவில்லை. கடைசியில் அந்த இரு பெண்களில் ஒருவர், தனக்குத் தெரியாமல் இந்த விற்பனைப் பேச்சு நடந்தது என்று சொன்னாராம். காசு கைமாற முன்பே அது தெரிய வந்தது.

"வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்று வந்தால் காணி சுத்தம்தானே?"

பதிவான பத்திரங்கள் மட்டுமே அதில் வரும். அதுவும் நீங்கள் தேடிய எண்ணிலும் தேடிய காலத்துக்குள்ளும் பதிவானவை மட்டுமே. மேலே சொன்ன காணியில் மூத்தவரின் இறப்பு வில்லங்கச் சான்றில் இல்லை. இருக்கவும் முடியாது. பதியாத உயில், வாய்மொழியாகச் செய்த பங்கீடு, நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஆகியவையும் அதில் பிடிபடாமல் போகலாம்.

எண் மாறுவது இன்னொரு சிக்கல். 118/2 என்று தேடினால், பழைய பத்திரத்தில் வெறும் 118 என்று எழுதியிருந்தது வராமல் போகலாம். தமிழ்நாட்டில் 1979 இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அங்கே எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்வார்கள், பல இடங்களில் உட்பிரிவுகள் புதிதாக எழுதப்பட்டன. அளவும் மெட்ரிக் முறைக்கு மாறியது. அந்த வேளையில் பக்கத்துக் காணிக்காரர் பெயர் தவறி ஏறியதும், ஒருவர் பெயர் விட்டுப்போனதும் உண்டு. இன்றும் தாலுகா அலுவலகத்தில் "யு.டி.ஆர். தவறு" என்று சொன்னால் உடனே விளங்கிக்கொள்வார்கள்.

இதற்கு உதவுவது அ-பதிவேடு. அதே தளத்தில் பார்க்கலாம். சிட்டா ஆளை வைத்துத் திரட்டியது, அ-பதிவேடு புல எண்ணை வைத்து வரிசையாக எழுதியது. அதில் பழைய புல எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு. ரயத்துவாரி என்ற தனியார் நிலமா, அரசு நிலமா, புறம்போக்கா என்பதும், மண் வயனமும் ரகமும் என்ற மண் விவரமும், கடைசியில் குறிப்பும் இருக்கும். பழைய எண்ணை அங்கிருந்து எடுத்து, அந்த எண்ணிலும் ஒருமுறை வில்லங்கம் தேடுங்கள்.

"விற்பவரிடம் பத்திரம் இல்லை. தாத்தா காலத்துக் காணி, பட்டா மட்டும்தான் என்கிறார். வேண்டாமா?"

வேண்டாம் என்று ஒரே அடியாகச் சொல்ல மாட்டேன். தலைமுறையாகக் கைமாறாமல் வந்த காணிக்குப் பத்திரமே எழுதாமல் இருந்திருப்பார்கள். அங்கே பழைய பட்டாவும், வரி கட்டிய ரசீதுகளும், வருடா வருடம் என்ன பயிர் வைத்தார் என்று காட்டும் அடங்கலும் நல்ல துணைச் சான்றுகள். ஆனால் பட்டா மாறுதல் உரிமையைப் பிறப்பிக்காது, அழிக்கவும் செய்யாது என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லிவிட்டது. ஆகவே தாத்தாவிடமிருந்து இவர்வரை ஒவ்வொரு இறப்புக்கும் சான்றிதழ், ஒவ்வொரு இறப்பிலும் யார் யார் வாரிசு என்ற விவரம், அந்த வாரிசுகள் அனைவரும் ஒப்பமிடத் தயாரா என்று பாருங்கள். ஒருவர் குறைந்தாலும் அந்த ஒருவர்தான் நாளைக்கு வருவார்.

பட்டா எப்படிக் கிடைத்தது என்பதையும் கேளுங்கள். அரசு ஏழைகளுக்கு ஒப்படைத்த நிலத்துக்கு நிபந்தனைப் பட்டா கொடுப்பார்கள். விற்கக் கூடாது, அல்லது இன்னாருக்குத்தான் விற்கலாம் என்ற நிபந்தனை அதில் இருக்கும். அந்த நிலத்தைப் பணம் கொடுத்து வாங்கினாலும் அரசு திரும்ப எடுக்கலாம்.

"சம்பந்தி வீட்டு மனைக்குத் தளத்தில் பட்டாவே வரவில்லை. ஏமாற்றா?"

அவசரப்படாதீர்கள். ஊருக்குள் வீடுகள் இருக்கும் பகுதி பெரும்பாலும் கிராம நத்தம். அதற்குத் தனிப் பதிவேடு, தனி நத்தம் பட்டா. விவசாய நிலத்துக்குத் தேடும் இடத்தில் அது வராது. தளத்தில் நத்தம் என்று தெரிந்தெடுத்துப் பாருங்கள். அதிலும் இல்லாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

"பட்டாவில் பெயர் பிழை. யாரிடம் போவது?"

எழுத்துப் பிழை, பெயர் மாற்றம் என்றால் வட்டாட்சியரிடம் மனு. அவர் உத்தரவு சரியில்லை என்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. காணி யாருக்குச் சொந்தம் என்பதே சண்டை என்றால் இவர்கள் யாரும் முடிக்க முடியாது. உரிமையியல் நீதிமன்றம்தான்.

"அப்பா இலங்கைக் குடியுரிமை. மகளின் ஊரில் தன் பெயரில் ஒரு துண்டு வாங்க ஆசைப்படுகிறார். முடியுமா?"

இந்திய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் முடியாது. இந்தியாவின் அந்நியச் செலாவணி விதிகள் சில நாடுகளின் குடிமக்களுக்கு அசையாச் சொத்து வாங்கவும் மாற்றவும் தடை வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் இலங்கையும் உண்டு. 5 வருடத்துக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் விலக்கு. ஓ.சி.ஐ. என்ற வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருக்கும் உறவினர் என்றாலும் விவசாய நிலம் வாங்க இயலாது.

"மருமகன் பெயரில் எழுதிக்கொண்டு காசை நாங்கள் கொடுத்தால் என்ன?" என்று அடுத்து கேட்பார்கள். பட்டா, சிட்டா, பத்திரம் மூன்றிலும் மருமகன் பெயர்தான் நிற்கும். காசு கொடுத்தவர் என்று உங்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி இருக்காது. ஒருவர் காசில் இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும் பினாமிச் சட்டமும் குறுக்கே நிற்கும். மகளுக்காகவே கொடுப்பதென்றால், மகள் இந்தியக் குடியுரிமை பெற்றவளா என்று முதலில் பாருங்கள். பெற்றிருந்தால் பத்திரத்தை அவள் பெயரிலேயே எழுதச் சொல்லுங்கள். பதிந்த கையோடு பட்டாவையும் அவள் பெயருக்கு மாற்றி, புதுத் தாளை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் தரகரின் கடைசிக் காசைக் கொடுக்க வேண்டும்.